மூன்று மாதம் தொடர்ந்து எஸ்.ஐ.பி. பவுன்ஸ்: அபராதம் யார் எடுத்தது, எஸ்.ஐ.பி.யை யார் நிறுத்தியது

கேள்வி: "அண்ணா, நான் திருச்சிக்காரன். கொழும்பில் வேலை. இந்தியாவில் என் என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து மாதம் 5-ஆம் தேதி மூன்று எஸ்.ஐ.பி. போகும் (5,000, 5,000, 3,000). அக்டோபர் 3, நவம்பர் 4, டிசம்பர் 3 என்று ஒவ்வொரு மாதமும் மாலையில் இங்கிருந்து சரியாக 13,000 ரூபாய்க்கு அனுப்பினேன். மூன்று தடவையும் பணம் தாமதமாகப் போய் பவுன்ஸ் ஆகிவிட்டது. வங்கி மாதம் 1,770 ரூபாய் எடுத்திருக்கிறது. பணம் வந்த பிறகு மிச்சத்தை நானே ஆன்லைனில் அதே ஃபண்டுகளில் போட்டேன். அப்படியிருந்தும் மூன்று எஸ்.ஐ.பி.யும் நிறுத்தப்பட்டுவிட்டன என்று செய்தி வந்திருக்கிறது. இது நியாயமா? சிபில் ஸ்கோர் போய்விடுமா? இனி என்ன செய்வது?"

தம்பி, முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். சிபில் ஸ்கோருக்கு இதனால் ஒன்றும் ஆகாது. எஸ்.ஐ.பி. என்பது மியூச்சுவல் ஃபண்டில் தவணை முறையில் போடும் முதலீடு, கடன் தவணை இல்லை. நீங்கள் யாருக்கும் பாக்கி வைக்கவில்லை. கடன் கொடுத்தவர்கள்தான் சிபிலுக்குத் தகவல் அனுப்புவார்கள், ஃபண்ட் நிறுவனம் அனுப்பாது. ஏற்கெனவே வாங்கிய யூனிட்டுகளும் பத்திரமாக இருக்கின்றன. எஸ்.ஐ.பி. நின்றது என்றால் இனி வாங்குவது நின்றது என்று மட்டும்தான் பொருள். ஒரே ஒரு இடத்தில் இது கண்ணில் படும்: அடுத்த ஆறு மாதத்துக்குள் வீட்டுக் கடனுக்குப் போனால், வங்கி அதிகாரி உங்கள் ஸ்டேட்மென்டைப் புரட்டும்போது இந்த ஒன்பது ரிட்டர்ன் வரிகளையும் பார்ப்பார். கேள்வி கேட்பார். பதில் சொல்ல உங்களிடம் விஷயம் இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

நான் சென்னையில் ஒரு வங்கியின் கிளியரிங் பிரிவில் சில வருடம் இருந்தவன். இப்போது வெள்ளவத்தையில் குடும்பத்தோடு இருக்கிறேன். இங்கிருந்து ஊருக்கு எஸ்.ஐ.பி. நடத்துகிற நம்மவர்கள் பலருக்கு இதே அடி விழுவதைப் பார்த்துவிட்டேன். உங்கள் தேதிகளைப் பார்த்ததுமே காரணம் புரிந்துவிட்டது.

2025 நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 5 ஞாயிற்றுக்கிழமை. எஸ்.ஐ.பி. தேதி விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாளுக்குப் போகும், அதாவது 6, திங்கள். நீங்கள் 3-ஆம் தேதி வெள்ளி மாலையில் கொடுத்த உத்தரவைக் கொழும்பு வங்கி அடுத்த வேலை நாளில்தான் கையிலெடுக்கும். அது திங்கள் ஆகியிருக்க வேண்டும். ஆனால் அக்டோபர் 6 இங்கே வப் போயா என்ற பௌர்ணமி விடுமுறை, வங்கிகள் மூடல். ஆக உங்கள் பணம் செவ்வாய்தான் கிளம்பியது. இந்தியாவில் திங்கள் காலையே டெபிட் வந்து, காசு இல்லை என்று திரும்பிவிட்டது.

நவம்பர் 5-ஆம் தேதி 'இல்' போயா. அன்று இந்தியாவிலும் குரு நானக் ஜெயந்தி விடுமுறை, அதனால் எஸ்.ஐ.பி. 6-ஆம் தேதிக்குத் தள்ளிப் போனது. ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தது போலத் தோன்றும். ஆனால் 4-ஆம் தேதி மாலை நீங்கள் அனுப்பியது கொழும்பில் 6-ஆம் தேதி காலையில்தான் வெளியே போயிருக்கும். டெபிட்டும் அதே காலை. டிசம்பரில் 4-ஆம் தேதி உந்துவப் போயா. 3 மாலை அனுப்பியது 5 அன்று கிளம்பியது, எஸ்.ஐ.பி.யும் 5 அன்று. மூன்று மாதமும் ஒரே கதை. நீங்கள் கவனக்குறைவாக இருக்கவில்லை. கொழும்பு வங்கி மூடியிருக்கும் நாளில் இந்தியாவின் டெபிட் உங்களுக்காகக் காத்திருக்காது, அவ்வளவுதான். வங்கிக்குக் கடிதம் எழுதும்போதும், கடன் அதிகாரிக்குப் பதில் சொல்லும்போதும் இந்தத் தேதிகளைத்தான் சொல்ல வேண்டும்.

இப்போது அந்தக் காலையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அது தெரிந்தால் மற்றதெல்லாம் தெளிவாகும். நீங்கள் எஸ்.ஐ.பி. தொடங்கும்போது ஒரு மேண்டேட்டில் ஒப்புதல் கொடுத்திருப்பீர்கள். இந்த நிறுவனம் இந்தத் தொகை வரை என் கணக்கிலிருந்து எடுக்கலாம் என்ற அனுமதிச் சீட்டு அது. அதற்கு UMRN என்று ஒரு எண் இருக்கும். எஸ்.ஐ.பி. நாள் வந்ததும் ஃபண்டின் தரப்பு வங்கி, தேசிய கொடுப்பனவுக் கழகத்தின் நாச் என்ற அமைப்பு வழியாக ஒரு பெரிய கோப்பை அனுப்பும். அதில் லட்சக்கணக்கான வரிகள் இருக்கும், அவற்றில் மூன்று உங்களுடையவை. உங்கள் வங்கியின் கணினி ஒவ்வொரு வரியாகக் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் எடுக்கும், இல்லாவிட்டால் `Balance Insufficient` என்று திருப்பி அனுப்பும். பாதி எடுப்பது என்பதே கிடையாது. 5,000 வேண்டிய இடத்தில் 4,990 இருந்தாலும் முழுத் திருப்பம்தான்.

இது பெரும்பாலும் காலையிலேயே முடிந்துவிடும். சில வங்கிகள் அன்று மாலைக்குள் இன்னொரு முறை முயன்று பார்க்கும், ஆனால் அதை நம்பித் திட்டம் போடக் கூடாது. முந்தின நாள் இரவே பணம் கணக்கில் இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பான விதி அதுதான்.

"காலையில் போடுகிறேன், மதியம் எடுத்துக்கொள்ளட்டும்" என்று நினைத்து மாட்டிக்கொண்டவர்கள் நிறைய. கிளியரிங்கில் இருந்தபோது பதினொரு மணிக்கு மேல் கிளைகளிலிருந்து போன் வரும்: "சார், கஸ்டமர் இப்போதான் பணம் கட்டினார், அந்த ரிட்டர்னை நிறுத்த முடியுமா?" முடியாது. கோப்பு போய்விட்டது.

சரி, அபராதத்துக்கு வருவோம். உங்கள் கணக்கில் ஒரு திருப்பத்துக்கு 500 ரூபாய், அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 90 ரூபாய், ஆக 590. மூன்று எஸ்.ஐ.பி. என்பதால் மூன்று திருப்பம், 1,770. மூன்று மாதத்துக்கு 5,310. நீங்கள் போட நினைத்த 39,000 ரூபாயில் இது ஏறக்குறைய பதின்மூன்றரை சதவீதம். நல்ல ஃபண்ட் ஒரு வருடத்தில் தரக்கூடிய லாபம் வங்கிக்குப் போயிருக்கிறது. உங்களைவிட எனக்கு இது அதிகமாக வலிக்கிறது, ஏனென்றால் இது தவிர்த்திருக்கக்கூடிய பணம்.

இந்த 590-ஐ எடுத்தது உங்கள் வங்கி, ஃபண்ட் நிறுவனம் இல்லை. எஸ்.ஐ.பி. தவறினால் ஃபண்ட் நிறுவனம் அபராதம் போடுவதில்லை. ஆனால் நமக்கு வரும் செய்தி ஃபண்டிலிருந்து வருவதால் கோபமும் அங்கேயே போகிறது. ஃபண்டுக்கு எழுதி அபராதத்தைக் கேட்டால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. வங்கிக்கு வங்கி இந்தக் கட்டணம் மாறும். 250 ரூபாய் போடுகிற வங்கியில் ஜி.எஸ்.டி. சேர்த்து 295 வரும். இரண்டாவது, மூன்றாவது முறைக்குக் கட்டணத்தை ஏற்றுகிற வங்கிகளும் உண்டு. உங்கள் கணக்கு வகைக்கான கட்டணப் பட்டியல் வங்கியின் இணையதளத்தில் இருக்கும். அதைத் திறந்து ரிட்டர்ன் கட்டணத்துக்கான வரியைப் படித்து, எடுத்த தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டியலில் இருப்பதைவிட அதிகமாக எடுத்திருந்தால் அதைத் திருப்பிக் கேட்பது உங்கள் உரிமை.

அபராதத்தின் எண்ணிக்கை ஏன் மூன்று என்பதையும் கவனியுங்கள். தொகை எவ்வளவு என்பதை வங்கி பார்ப்பதில்லை, எத்தனை வரி திரும்பியது என்பதைத்தான் பார்க்கிறது. 13,000 ரூபாய்க்கு ஒரே எஸ்.ஐ.பி. வைத்திருந்தால் மாதம் 590 மட்டும் போயிருக்கும். 500 ரூபாய் வீதம் பத்து எஸ்.ஐ.பி. வைத்து மாட்டிக்கொண்டவர் ஒருவரை எனக்குத் தெரியும். போடுவது 5,000, தவறிய மாதத்தில் அபராதம் 5,900. ஆளுக்கொரு ஃபண்ட் என்று பரப்பி வைப்பதில் இப்படி ஒரு விலை இருக்கிறது, அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

ஸ்டேட்மென்டை இன்னொரு கண்ணோடும் பாருங்கள். டெபிட் திரும்பியதற்கான காரணம் உண்மையிலேயே பணம் இல்லாததுதானா? எனக்கே ஒருமுறை நடந்தது. கணக்கில் எஸ்.ஐ.பி. தொகையைவிட இரண்டு மடங்குப் பணம் இருந்தது. டெபிட் திரும்பியது, 590 போனது. விசாரித்தால், கே.ஒய்.சி. புதுப்பிக்கவில்லை என்று கணக்கிலிருந்து பணம் வெளியே போவதைத் தடுத்து வைத்திருந்தார்கள். நான் வெளிநாட்டில் இருந்ததால் அவர்களுடைய கடிதம் பழைய முகவரிக்குப் போயிருக்கிறது. பணம் போதாமைக்கான கட்டணத்தைப் பணம் இருந்த கணக்கில் போட்டது தவறு என்று, அந்தத் தேதியின் இருப்பைக் காட்டி எழுதினேன். மூன்றாவது மின்னஞ்சலுக்குப் பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். உங்கள் விஷயத்தில் காரணம் பணம் இல்லாததுதான் என்று தேதிகளே சொல்கின்றன. ஆனாலும் ஒன்பது திருப்பங்களுக்கும் காரணம் என்ன என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். ஏதாவது ஒன்றில் வேறு காரணம் இருந்தால் அந்த 590 உங்களுடையது.

அப்புறம், காரணம் சரியாகவே இருந்தாலும், ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கிளை மேலாளருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். எத்தனை வருடம் கணக்கு வைத்திருக்கிறீர்கள், இதற்கு முன் ஒரு திருப்பமும் இல்லை, பணம் ஒவ்வொரு முறையும் ஓரிரு நாளில் வந்து சேர்ந்திருக்கிறது, இந்த மூன்று தேதிகளும் இலங்கையில் வங்கி விடுமுறையை ஒட்டியவை என்று சொல்லி, ஒரு மாதத்துக் கட்டணத்தையாவது நல்லெண்ண அடிப்படையில் திருப்பித் தரக் கேளுங்கள். அவர்கள் கொடுத்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் முதல் முறைக்கான கட்டணத்தைத் திருப்பும் அதிகாரம் கிளையில் இருப்பதுண்டு, நானே பல முறை அப்படித் திருப்பிய வவுச்சர்களைப் பார்த்திருக்கிறேன். கட்டணம் தவறாக எடுக்கப்பட்டது என்று உங்களிடம் ஆதாரம் இருந்து, வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் அல்லது தந்த பதில் திருப்தியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் cms.rbi.org.in தளத்தில் புகார் போடலாம். கொழும்பிலிருந்தே செய்யலாம், கட்டணம் இல்லை. நல்லெண்ணக் கோரிக்கைக்காக அங்கே போகாதீர்கள், அங்கே அது நிற்காது.

இனி எஸ்.ஐ.பி. ஏன் நின்றது என்பது. மாதாந்தர எஸ்.ஐ.பி. தொடர்ந்து மூன்று தடவை தவறினால் ஃபண்ட் நிறுவனம் அதை நிறுத்திவிடும். தினசரி, வாராந்தர, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போகும் எஸ்.ஐ.பி.க்கும் மூன்றுதான் கணக்கு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, காலாண்டுக்கு ஒருமுறை என்று போகிறவற்றுக்கு இரண்டே தடவை. இது எல்லா ஃபண்ட் நிறுவனங்களுக்கும் பொதுவான ஏற்பாடு, உங்கள் நிறுவனம் உங்கள்மேல் கோபப்பட்டுச் செய்ததில்லை. முதல் தடவை தவறியதுமே, "தொடர்ந்து மூன்று தவறினால் எஸ்.ஐ.பி. நின்றுவிடும்" என்று உங்களுக்குச் செய்தி அனுப்ப வேண்டும், நிறுத்தியபோதும் அனுப்ப வேண்டும். அக்டோபர் மின்னஞ்சலைத் தேடிப் பாருங்கள், ஸ்பாமில் கிடக்கலாம். இந்திய மொபைல் எண்ணுக்கு எஸ்.எம்.எஸ். வந்து, அந்த சிம்மை இங்கே நீங்கள் போடாமல் இருந்திருக்கலாம். கொழும்பில் இருப்பவர்கள் பலருக்கு நடப்பது அதுதான்.

உங்கள் கேள்வியில் என் மனதில் நின்றது வேறொன்று. பணம் வந்ததும் அதை நீங்களே போட்டிருக்கிறீர்கள். முதலீடு என்ற அளவில் நல்ல காரியம்தான். ஆனால் அது எஸ்.ஐ.பி. தவணையாகக் கணக்கில் வராது. ஃபண்ட் நிறுவனத்தின் கணினிக்கு அது ஒரு தனி வாங்கல். எஸ்.ஐ.பி.யின் பதிவில் அக்டோபர் தவறியது, நவம்பர் தவறியது, டிசம்பர் தவறியது என்றே இருக்கும். அந்த எண்ணிக்கையை உடைக்க ஒரே வழி, ஒரு தவணையாவது ஆட்டோ டெபிட் வழியாகவே வெற்றியாகப் போவது. நவம்பரில் 3,000 ரூபாய் எஸ்.ஐ.பி. மட்டும் போயிருந்தால்கூட, அந்த ஒன்று உயிரோடு இருந்திருக்கும். ஒவ்வொரு எஸ்.ஐ.பி.க்கும் தனித்தனி எண்ணிக்கை.

இதில் ஒரு சோகம் இருக்கிறது. அக்டோபரில் 13,000 வந்து சேர்ந்தது, வங்கி 1,770 எடுத்தது, 11,230 மிச்சம். அதில் 11,000-ஐ நீங்கள் கையால் போட்டிருப்பீர்கள். போடாமல் கணக்கிலேயே விட்டிருந்தால், நவம்பர் 6 காலையில் இரண்டு 5,000-மும் அழகாகப் போயிருக்கும். 3,000 மட்டும் திரும்பியிருக்கும். அதன்பின் நவம்பர் மாதப் பணம் வந்து சேர்ந்து, டிசம்பரில் மூன்றும் போயிருக்கும். சுறுசுறுப்பாக இருந்ததற்கு நீங்கள் விலை கொடுத்திருக்கிறீர்கள். இனி யாருக்காவது ஒரு தவணை தவறினால், தாமதமாக வந்த பணத்தை அடுத்த தவணைக்காக அப்படியே விட்டு வையுங்கள் என்று சொல்லுங்கள். ஒரு மாதம் முதலீடு தள்ளிப்போவதால் வரும் நஷ்டம் பெரும்பாலும் 590-ஐவிடக் குறைவுதான்.

இப்போது திரும்பத் தொடங்குவதைப் பற்றி. எஸ்.ஐ.பி. நின்றாலும் மேண்டேட் பெரும்பாலும் நிற்பதில்லை. இரண்டும் வேறு. எஸ்.ஐ.பி. என்பது ஃபண்ட் நிறுவனத்திடம் இருக்கும் உத்தரவு, மேண்டேட் என்பது உங்கள் வங்கியில் இருக்கும் அனுமதி. ஃபண்டின் தளத்திலோ நீங்கள் பயன்படுத்தும் செயலியிலோ மேண்டேட் பகுதிக்குப் போய்ப் பாருங்கள். அந்த UMRN இன்னும் நடப்பில் இருந்தால், அதன்மேலேயே புதிய எஸ்.ஐ.பி. பதிவு செய்யலாம், வங்கி ஒப்புதலுக்குத் திரும்பவும் காத்திருக்க வேண்டியதில்லை. ஸ்டேட்மென்டில் பழைய டெபிட்டுகள் `ACH D- INDIAN CLEARING CORP` என்பது போல வந்திருந்தால், மேண்டேட் ஃபண்ட் பெயரில் இல்லை, செயலியின் வழியாகப் பங்குச் சந்தையின் கிளியரிங் நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. அப்போது புதிய எஸ்.ஐ.பி.யும் அதே செயலி வழியாகத்தான் அந்த மேண்டேட்டைப் பயன்படுத்த முடியும். ஃபண்டின் சொந்தத் தளத்தில் போட்டால் புது மேண்டேட் கேட்கும்.

தேதியை மாற்றுங்கள். உங்கள் சம்பளம் மாதக் கடைசியில் என்று வைத்துக்கொள்வோம். 5-ஆம் தேதி உங்களுக்கு ஆகாது. போயா நாள் மாதத்துக்கு மாதம் ஒரு நாள் போல முன்னே நகர்ந்துகொண்டே இருக்கும். இந்த மூன்று மாதத்தில் 6, 5, 4 என்று வந்தது போல. அதனால் போயாவைத் தவிர்க்கிற ஒரு தேதியைக் கண்டுபிடிக்க முடியாது. செய்யக்கூடியது, அனுப்பும் நாளுக்கும் டெபிட் நாளுக்கும் நடுவில் பத்து நாளாவது இடைவெளி வைப்பது. 15-ஆம் தேதியை எடுத்துக்கொண்டு, 2 அல்லது 3-ஆம் தேதி அனுப்பிவிடுங்கள். போயா, சனி, ஞாயிறு, இந்தியப் பண்டிகை எல்லாம் ஒரே வாரத்தில் வந்தாலும் பணம் சேர்ந்துவிடும். ஏப்ரலில் மட்டும் புத்தாண்டு விடுமுறையை மனதில் வைத்து முதல் வாரத்தைத் தாண்டவிடாதீர்கள்.

தொகையையும் மாற்றுங்கள். சரியாக 13,000 அனுப்புவது ஆபத்தான பழக்கம். இங்கிருந்து போகும் பணம் டாலருக்கு மாறி, நடுவில் இன்னொரு வங்கியைத் தொட்டு, ரூபாயாக மாறி இறங்குகிறது. வழியில் ஏதாவது கட்டணம் பிடித்தால் 12,8xx என்று இறங்கும். அப்போது மூன்றில் கடைசியாகப் பார்க்கப்படும் எஸ்.ஐ.பி. சில நூறு ரூபாய்க்காகத் திரும்பும், 590 போகும். ஒரே ஒரு மாதம் 26,000 அனுப்பி, ஒரு மாதத் தவணை எப்போதும் கணக்கில் தூங்கும்படி விடுங்கள். அதை எடுக்காதீர்கள். அதற்கு வட்டி குறைவுதான், ஆனால் இந்த மூன்று மாதத்தில் நீங்கள் கட்டிய 5,310-ஐ அந்த 13,000 தடுத்திருக்கும்.

என் சொந்த ஏற்பாடு வேறு மாதிரி. வெளிநாட்டிலிருந்து அனுப்புகிறவர்களுக்கு இதுதான் பொருத்தம் என்று நினைக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக அனுப்பி, அதை ஒரு லிக்விட் ஃபண்டில் கையால் போடுகிறேன். அங்கிருந்து மாதம் ஒரு தொகை பங்கு ஃபண்டுக்கு எஸ்.டி.பி. முறையில் மாறுகிறது. இரண்டு ஃபண்டும் ஒரே நிறுவனத்துடையவையாக இருக்க வேண்டும். பணம் நிறுவனத்துக்குள்ளேயே நகர்வதால் வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் டெபிட் வராது. டெபிட் இல்லை என்றால் திருப்பமும் இல்லை, 590-உம் இல்லை. லிக்விட் ஃபண்டில் பணம் தீர்ந்துவிட்டால் எஸ்.டி.பி. நடக்காது, அதற்கு வங்கி அபராதம் கிடையாது. உங்கள் கணக்குப்படி 39,000 ஒரே தடவையாகப் போய், மாதம் 13,000 மாறும். ஒரு சங்கடம் உண்டு: ஒவ்வொரு மாற்றமும் லிக்விட் ஃபண்டில் ஒரு விற்பனை. அதில் வரும் சிறு லாபத்துக்கு வரி உண்டு, என்.ஆர்.ஐ. என்பதால் ஃபண்ட் நிறுவனம் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டுதான் மாற்றும். மூன்று மாதம் வரை லிக்விட்டில் இருக்கும் பணத்தின் லாபம் என்பதால் அது சிறிய தொகைதான். மூன்று ஃபண்டும் மூன்று நிறுவனம் என்றால் மூன்று லிக்விட் ஃபண்ட் வேண்டும், அது தலைவலி. அப்படியானால் ஃபண்டுகளைக் குறைத்துவிட்டு இதற்கு வாருங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கொழும்புச் சம்பளத்தை ஏன் என்.ஆர்.ஓ.வுக்கு அனுப்புகிறீர்கள்? வெளிநாட்டு வருமானத்துக்கு என்.ஆர்.இ. கணக்குதான் வசதி. அதில் போட்ட பணத்தை எப்போது வேண்டுமானாலும் தடையில்லாமல் வெளியே எடுக்கலாம். என்.ஆர்.ஓ.வில் விழுந்துவிட்டால் வெளியே எடுக்க ஆண்டு வரம்பும் காகித வேலையும் வரும். எப்படியும் புது எஸ்.ஐ.பி. தொடங்கப் போகிறீர்கள், புது மேண்டேட்டை என்.ஆர்.இ. கணக்கில் போட்டுவிடுவது நல்லது. பழைய மேண்டேட்டை வைத்துக்கொள்ளும் வசதி போய்விடும், ஒப்புதலுக்குச் சில நாள் முதல் ஓரிரு வாரம் வரை ஆகும். அதனால் முதல் தவணைத் தேதியை அடுத்த மாதம் 15 என்று கொடுங்கள், இந்த மாதம் வேண்டாம்.

இனி எப்போதாவது ஒரு மாதம் பணம் அனுப்ப முடியாது என்று முன்பே தெரிந்தால் பவுன்ஸ் ஆக விடாதீர்கள். பல ஃபண்டுகளில் எஸ்.ஐ.பி.யை ஒரு மாதம் முதல் சில மாதம் வரை நிறுத்தி வைக்கும் வசதி இருக்கிறது. அப்படி நிறுத்திய மாதம் தவறியதாகக் கணக்கில் வராது, வங்கிக்கும் டெபிட் போகாது. ஆனால் அதற்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். நிறுவனத்துக்கு நிறுவனம் நாள் மாறும், பத்துப் பதினைந்து நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். முழுவதுமாக ரத்து செய்வதென்றால், 2024 டிசம்பர் முதல் கோரிக்கை கொடுத்த இரண்டு வேலை நாளுக்குள் ஃபண்ட் நிறுவனம் அதை முடிக்க வேண்டும். அதற்காக டெபிட்டுக்கு முந்தின நாள் இரவு ரத்து கொடுத்தால் தப்பிக்க முடியாது, அதற்குள் கோப்பு வங்கிக்குக் கிளம்பியிருக்கும். ஒரு வாரம் இருக்கும்போதே கொடுங்கள்.

முதலில் செய்ய வேண்டியது வங்கிக்கு அந்த மின்னஞ்சல். ஒன்பது திருப்பத் தேதிகள், ஒவ்வொன்றுக்கும் பிடித்த தொகை, பணம் கணக்கில் வந்து சேர்ந்த தேதிகள், மூன்று போயாத் தேதிகள், எல்லாவற்றையும் ஒரு சின்ன அட்டவணையாகப் போட்டு அனுப்புங்கள். நீளமான கதையை மேலாளர் படிக்கமாட்டார், அட்டவணையைப் பார்ப்பார். பதில் வந்ததும் சொல்லுங்கள், அவர்கள் சொல்லும் காரணத்தைப் பார்த்து அடுத்து என்ன எழுதலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.